26 பக்கப் பேச்சிலிருந்து ஐந்து வரி: நம் தெரு நலச்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மஞ்சக்குப்பம், கடலூர்
செப்டம்பர் 16

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் ஒலிப்பதிவை 26 பக்கமாகத் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள். செய்தவரின் உழைப்புக்கு நன்றி. ஆனால் தெருவில் நான் விசாரித்தவரை யாரும் அதைப் படிக்கவில்லை. அக்டோபரில் மழை தொடங்கிவிடும். கால்வாய் தூர்வாரும் பேச்சோ நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதனால் நானே அதை ஒரு பக்க மினிட்ஸாகவும், பிறகு யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்ற ஐந்து வரிப் பட்டியலாகவும் சுருக்கினேன். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் சங்கமே இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் முறை படிக்கும்போது எதையும் எழுதக் கூடாது. நான்காம் பக்கத்தில் வீட்டுக்கு 300 ரூபாய் என்று பேசி எல்லாரும் சரி என்கிறார்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் அதே பேச்சு திரும்ப வந்து, 200 ரூபாய், வாடகை வீடுகளும் சேர்த்து என்று முடிகிறது. படித்துக்கொண்டே எழுதியிருந்தால் 300 என்றுதான் தீர்மான நோட்டில் ஏறியிருக்கும்.

இரண்டாம் முறை, பேசிய வரிசையை விட்டுவிட்டு விஷயவாரியாகச் சேர்த்தேன். இங்கேதான் நம் பேச்சுமொழி காலை வாரும். "ஆளைக் கூப்பிட்டு அள்ளிடலாம்" என்கிறார் ஒருவர். இது முடிவா, யோசனையா? "செய்யலாம்" என்ற சொல் நம் வாயில் இரண்டுக்கும் வரும். அடுத்த நாலைந்து வரிகளில் யாராவது நாளோ பணமோ பேசினால் அதை முடிவாக எடுத்தேன். பேச்சு வேறு பக்கம் போயிருந்தால் யோசனை என்று விட்டேன்.

அதைவிடச் சிக்கல், "அதைப் பொருளாளர் பார்த்துப்பார்" என்ற வரி. இருபதாம் பக்கத்துக்குப் பிறகு பொருளாளர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். இல்லாதவர் தலையில் வைத்த வேலை யாருடைய வேலையும் இல்லை. போனில் கேட்டேன். வசூல் தன் பொறுப்பு, ஆள் பிடிக்க முடியாது என்றார். மூன்றாம் வீட்டு அண்ணன் அதை ஏற்றுக்கொண்டார்.

2011 தானே புயலும் 2015 வெள்ளமும் மூன்று பக்கம் ஓடுகின்றன. மனதைத் தொடும் பேச்சு, ஆனாலும் மினிட்ஸில் அதற்கு அரை வரிதான். தனியாக இருந்த ஒரு பாட்டியை வெள்ளத்தில் தாமதமாகத்தான் கவனித்தோம் என்பதால், அப்படிப்பட்டவர்களின் எண்களைச் சேகரிக்கும் முடிவு அந்தப் பேச்சில்தான் பிறந்தது. காரணத்தைச் சேர்த்து எழுதினால் அந்த வேலையை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். சிசிடிவி கேமரா ஐந்து பக்கம் பேசி முடிவாகவில்லை. "முடிவில்லை, அடுத்த கூட்டத்துக்கு" என்று அதையும் எழுதியிருக்கிறேன்.

மொத்தம் ஆறு முடிவுகள். கூட்டம் இரண்டாம் ஞாயிறே நடக்கும், வாடகைக்கு இருப்பவர்களும் வரலாம் என்ற இரண்டுக்கும் யாரும் எழுந்து போய்ச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. அவை மினிட்ஸோடு நிற்கும். மிச்சம் நான்கு. ஐந்தாவது, "அள்ளுற சேத்தை எங்க போடறது?" என்று இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒருவர் கேட்ட, யாரும் பதில் சொல்லாத கேள்வி. கரையிலேயே விட்டால் முதல் மழையில் திரும்பக் கால்வாய்க்குள் இறங்கிவிடும். அதை எடுத்துப்போக மாநகராட்சியில் மனு கொடுக்க முடியுமா என்று செயலாளரிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் எடுக்காத முடிவு என்பதால் மினிட்ஸில் சேர்க்கவில்லை; பட்டியலில் மட்டும் அப்படிக் குறித்து வைத்திருக்கிறேன்.

மினிட்ஸில் "தூர்வாரத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதலாம். பட்டியலில் அப்படி எழுதினால் செய்கிறவர் மறைந்துபோவார். ஒரு வேலைக்கு ஓர் ஆள், ஒரு தேதி. "வர்ற வெள்ளி" என்பதைப் பத்து நாள் கழித்துப் படித்தால் வேறு வெள்ளியாகிவிடும்; "மழைக்கு முன்னாடி" தேதியே இல்லை. அந்தந்த ஆளிடம் கேட்டுத் தேதியாக மாற்றினேன்.

எரியாத இரண்டு தெருவிளக்குகளுக்குக் கம்ப எண்ணோடு புகார்: தலைவர், செப்டம்பர் 19.
சேற்றை எடுத்துப்போக மாநகராட்சியில் மனு: செயலாளர், செப்டம்பர் 22 (கூட்டத்துக்குப் பின் ஒப்புக்கொண்டது).
வீட்டுக்கு 200 ரூபாய் வசூல்: பொருளாளர், செப்டம்பர் 26.
ஆள் பேசிக் கால்வாயை அள்ளி முடிப்பது: மூன்றாம் வீட்டு அண்ணன், செப்டம்பர் 28.
தனியாக இருக்கும் பெரியவர்களின் போன் எண்கள்: கடைசி வீட்டு அக்கா, செப்டம்பர் 30.

மினிட்ஸில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்க எண் போட்டிருக்கிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டி வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள். திருத்தி, வெள்ளி காலை தீர்மான நோட்டில் ஒட்டிவிடுகிறேன். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக இந்த ஐந்து வரியைப் படித்து, முடிந்தது எது, முடியாதது எது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
இதே தெருவில் வசிக்கும் ஓர் உறுப்பினர்