நான்கு மாதக் குழந்தையை யார் கையில் விடுவது

ஒட்டுசுட்டான்

அன்பு மகளுக்கு,

குழந்தையைப் பார்க்க முழுநேரமும் ஒரு பெண்ணை வீட்டில் அமர்த்துவதா, கிளிநொச்சியில் உள்ள பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விடுவதா என்று கேட்டிருந்தாய். அப்பாவை இந்த நிலையில் விட்டுவிட்டு நான் வந்து நிற்க முடியாதது எனக்குப் பெரிய வருத்தம். ஆனாலும், குடும்பநல உத்தியோகத்தராக இத்தனை வருடம் வீடு வீடாகச் சென்று கண்டதைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

உன் முழுச் சம்பள விடுமுறையின் 84 நாட்களும் வேலை நாட்களாகக் கணக்கிடப்படுவதால், நீ கச்சேரிக்குத் திரும்பும்போது அவனுக்கு நான்கு மாதம் ஆகியிருக்கும். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு மாதம் மிச்சம் இருக்கும். அடுத்த 84 நாட்களை அரைச் சம்பளத்தில் எடுக்க வழியிருந்தால் எடு. வீட்டுக் கடன் அதற்கு இடம் தராவிட்டால், அந்த இரண்டு மாதமும் உன் பாலைச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியவர் யார் என்பதை வைத்தே முடிவெடு.

என் எண்ணம், ஒரு வயது வரையாவது வீட்டில் ஒரு பெண் பார்ப்பது நல்லது என்பதே. நிலையத்தில் பல கண்கள் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய பாதுகாப்புத்தான். ஆனால் ஒருத்தியால் மூன்று கைக்குழந்தைகளுக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க முடியாது. அத்துடன் ஒரு பிள்ளைக்கு வந்த தடிமனும் வயிற்றோட்டமும் மற்றப் பிள்ளைகளுக்கும் வரும். காய்ச்சல் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். அன்று விடுப்பு எடுக்கப் போவது நீயோ மருமகனோதான். வீட்டில் அமர்த்தும் பெண் என்றால் வேறொரு கவலை உண்டு: அவள் நாள் முழுவதும் தனியே இருப்பாள், செய்வதைப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். என் பிரிவில் வேலைக்குப் போன ஒரு தாயின் குழந்தைக்கு ஐந்தாம் மாதத்தில் 6.4 கிலோ எடை இருந்தது. ஆறாம் மாதத்திலும் அதே 6.4 கிலோதான். குழந்தையின் எடையைக் குறிக்கும் பதிவேட்டில் மேலே ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடந்தது. காய்ச்சலும் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை. பார்த்துக்கொண்ட பெண்ணிடம், என் முன்னால் ஒரு தடவை பால்மா கரைத்துக் காட்டும்படி கேட்டேன். நான்கு கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு இரண்டு கரண்டி மட்டும் தட்டிப் போட்டாள். அவள் கெட்டவள் அல்ல; விலை கூடிய பால்மா பேணி மாதக் கடைசி வரை வர வேண்டும் என்று சிக்கனம் பிடித்திருக்கிறாள். ஆனால் அளவை அவளுக்கு யாரும் காட்டிக் கொடுத்திருக்கவில்லை.

ஆகவே, நீ வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, நீ அமர்த்தும் பெண்ணை வரச் சொல்லு. முதல் சில நாட்கள் அவள் உன்னோடு இருந்து பார்க்கட்டும். பிறகு நீ பக்கத்தில் நிற்க, அவள் பால் கொடுக்கட்டும். அதன் பின் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள் என்று நீ வெளியே போய் வா. நீ இல்லாத நேரத்துக்கு 90 தொடக்கம் 120 மில்லி லீற்றர் வீதம் மூன்று தடவைக்கான பாலைத் தனித்தனியே மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அல்லாமல் உள்தட்டில் வை. நம் பக்கத்து வெயிலில் வெளியே வைத்த பாலை நான்கு மணி நேரம் கூட நம்பாதே. கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும்; அடுப்பில் வைக்கக் கூடாது. போத்தல் வேண்டாம், சிறிய கோப்பை போதும். குடித்த மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். தூங்க வைக்கும்போது முதுகு கீழே இருக்கும்படி நிமிர்த்திக் கிடத்த வேண்டும், தலையணை வைக்கக் கூடாது என்பதையும் செய்து காட்டிச் சொல்லு.

சம்பளம், ஞாயிறு விடுப்பு, அவள் திரும்பிப் போகும் நேரம் ஆகியவற்றை முதல் நாளே பேசி முடித்துவிடு. அவளுக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை இருந்தால், மூன்று மணிக்குப் பிறகு அவள் மனம் அங்கேதான் இருக்கும். அதற்காக அவளைக் கோபிக்காமல், உன் மாமியையோ அடுத்த வீட்டு அக்காவையோ அந்த நேரத்துக்கு வரச் சொல்லி வை. அவர்கள் நேரம் குறிக்காமல் இடையிடையே வந்து எட்டிப் பார்ப்பது உனக்கும் நிம்மதி.

மாலையில் வந்ததும், நனைந்த துணி எத்தனை என்று கேள். உன் பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். குறைந்தாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தாலோ, பால் போதவில்லை என்று எடுத்துக்கொள். நீ வேலைக்குப் போன பின் வரும் முதல் கிளினிக்கில் எடை பார்த்ததும், பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா