தனியாக ஓட்டும்போது தெரியும் உண்மை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நெற்றிக்குப் பின்னிருந்து அவசர உந்துதல்களைக் கட்டுப்படுத்த உதவும் முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்கிறது என்பது உண்மையே. அதைக் கொண்டே பதின்பருவத்தினருக்கு ஆபத்தை எடைபோடத் தெரியாது என்று தங்கள் கட்டுரை முடிவுகட்டியதை என்னால் ஏற்க இயலவில்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 14 முதல் 18 வயதினரையும் பெரியவர்களையும் மூளை ஸ்கேன் எடுத்தபடியே கணினியில் கார் ஓட்டவைத்து, மஞ்சள் விளக்கில் நிற்கிறார்களா, பாய்கிறார்களா என்று பார்த்தார்கள். தனியாக ஓட்டியபோது இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவு ஆபத்தையே ஏற்றனர். நண்பர்கள் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தபோதுதான் பதின்பருவத்தினரின் பாய்ச்சல் கூடியது, கூடவே வெகுமதியை உணரும் மூளைப் பகுதிகளின் செயல்பாடும் உயர்ந்தது. நண்பர் வந்ததும் புறணியின் முதிர்ச்சி குறைந்துவிடுவதில்லையே! ஆய்வுக்கூட விளையாட்டு சாலையாகாது; எனினும் புதிய இளம் ஓட்டுநர்களுடன் பயணிக்கும் நண்பர்களின் எண்ணிக்கைக்கு வரம்பிடும் உரிம விதிகள் இந்த முடிவோடு நன்கு பொருந்துகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்