மூன்று கருவிகள் ஒத்துச் சொன்னாலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கட்டுரை மாணவர் எழுதியதா, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்பதை மூன்று கருவிகளில் சோதித்து, மூன்றும் ஒத்துச் சொன்னால் முடிவெடுத்துவிடலாம் என்னும் கருத்தைத் தங்கள் கல்விப் பக்கத்தில் படித்தேன். இப்பகுதிக் கல்லூரி ஒன்றில் அவ்வாறே முடிவெடுத்து மதிப்பெண் மறுக்கப்பட்ட மாணவி ஒருத்தி, தன் ஆங்கிலக் கட்டுரையை என்னிடம் கொண்டுவந்து காட்டியதால் இதை எழுதுகிறேன்.

அவள் தன் தந்தையின் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையைப் பற்றி எழுதியிருந்தாள். கண்ணாடியின் மேல் அச்சை வைப்பது, அதன் அறைகளில் சாயக் கலவையை ஊற்றுவது, மேலே சிமெண்டும் மணலும் இடுவது, பின்னர் தண்ணீரில் ஊறப்போடுவது என எல்லாமே எட்டுப் பத்துச் சொற்களுக்குள் அடங்கும் வாக்கியங்கள். வகுப்பில் பழகிய சொற்கள். இத்தகைய கருவிகளில் பல, அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதைப் பெரிதும் நம்புகின்றன; எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திர எழுத்து என்கின்றன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவரின் எழுத்தில் அந்த ஊகம் எளிதாகிவிடுவதால், ஒரு கருவி ஏமாறும் இடத்திலேயே மற்ற இரண்டும் ஏமாறுகின்றன. முலாம் கனமாக இருந்தால் மூன்று ஆசாரிகளின் உரைகல்லும் தங்கம் என்றுதான் சொல்லும். தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்ப்பவரே புதிதாக ஒன்றைச் சொல்கிறார்.

மாணவர்களே எழுதிய 100 கட்டுரைகளில் ஒவ்வொரு கருவியும் 10 கட்டுரைகள் மீது தவறாகப் பழி சுமத்துவதாக வைத்துக்கொள்வோம். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், மூன்றும் சேர்ந்து தவறுவது 1,000 கட்டுரைகளில் ஒன்றில்தான். மூன்றும் அதே 10 கட்டுரைகளிலேயே தவறினால், ஒத்துச் சொன்ன பிறகும் பழி 100க்கு 10 என்றே நிற்கும். இது வெறும் கணக்கன்று. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளில் சோதித்தபோது, 18 கட்டுரைகளை ஏழு கருவிகளும் ஒருமனதாக இயந்திர எழுத்து என்றன.

ஆகவே கல்லூரிகள் முதலில், சாட்ஜிபிடி வெளியான 2022 நவம்பருக்கு முன்னர் தம் மாணவர்களே எழுதிய பழைய ஆங்கிலக் கட்டுரைகள் ஐம்பதையேனும் அந்த மூன்று கருவிகளிலும் இட்டு, பிழைகள் ஒரே கட்டுரைகளில் வந்து விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வெவ்வேறு கட்டுரைகளில் சிதறி விழுந்தால் ஒத்த முடிவுக்குச் சற்று எடை கூடும். அப்போதும் அது பல கட்டுரைகளுக்கான விகிதமே. கையிலிருக்கும் இந்த ஒரு கட்டுரையை யார் எழுதினார் என்பதை அது சொல்லாது.

வேறு வழியில் கிடைக்கும் சான்றே உதவும்: முந்தைய வரைவுகள், தேர்வுக்கூடத்தில் எழுதிய தாள், நேரில் ஐந்து நிமிட உரையாடல். இவையும் தனித்தனியே முடிவானவை அல்ல. ஆனால் இவை தவறும் இடங்கள் வேறு. சாயம் ஊற்றியபின் அச்சை எப்போது தூக்க வேண்டும், அதை ஏன் அந்தச் சொற்களில் எழுதினாய் என்று அந்த மாணவியிடம் நான் கேட்டேன். தன் நோட்டில் அடித்துத் திருத்தியிருந்த இரண்டு பக்கங்களை எடுத்துக் காட்டினாள். கல்லூரியில் அந்த நோட்டை யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
காரைக்குடி.