நீலகிரி மாவட்டப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பரப்பை இரட்டை எண்ணிக்கை இல்லாமல் வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றின் பரப்பை மாவட்ட வாரியாகக் கணக்கிடும் முறையைத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி தன் மகனின் பள்ளித் திட்ட வேலையைக் கொண்டுவந்து காட்டினாள். "நீலகிரி மாவட்டத்தில் 46 விழுக்காடு பாதுகாக்கப்பட்ட பகுதி" என்று பையன் எழுதியிருந்தான். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். ஓர் அரசு வெளியீட்டின் அட்டவணையில் இருந்த எண்களைக் கூட்டி, மாவட்டப் பரப்பால் வகுத்ததாகச் சொன்னான். கூட்டலில் பிழை இல்லை. கூட்டியதுதான் பிழை. அதே எண்ணை அதற்குச் சில மாதங்கள் முன்பு கிராம சபைக் கூட்டத்தில் ஒருவர் ஆத்திரத்தோடு சொல்லக் கேட்டிருந்தேன் என்பதால், இதைப் பையனின் தவறு என்று விட்டுவிட மனம் வரவில்லை.

அவன் கூட்டியவை இவை. முதுமலை தேசியப் பூங்கா 103.23 சதுர கிலோமீட்டர். முதுமலை வன உயிரினச் சரணாலயம் 321. முதுமலை புலிகள் காப்பகம் 688.59. முக்குருத்தி தேசியப் பூங்கா 78.46. மொத்தம் 1,191.28. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டப் பரப்பு 2,565 சதுர கிலோமீட்டர். வகுத்தால் 46 விழுக்காடு வரத்தான் செய்யும்.

ஆனால் முதுமலையின் மூன்று பெயர்களும் மூன்று தனித்தனி நிலங்களைக் குறிப்பவை அல்ல. 321 சதுர கிலோமீட்டர் என்ற சரணாலயக் கணக்குக்கு உள்ளேயே 103.23 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா அடங்கியிருக்கிறது. அந்த 321 முழுவதும் புலிகள் காப்பகத்தின் உள்மண்டலம். அதைச் சுற்றிய வெளிமண்டலம் 367.59. இரண்டும் சேர்ந்ததே 688.59. ஆக, தெப்பக்காட்டுப் பக்கம் ஒரு மரம் தேசியப் பூங்காவுக்குள் நின்றால், பையனின் கணக்கில் அந்த மரம் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கிறது. மிகையாக வந்த பரப்பு மட்டும் 424.23 சதுர கிலோமீட்டர்.

மிகையைக் கழித்தாலும் எது சரியான எண் என்பது முடிவாகிவிடவில்லை. சட்டத்தின் சொல் இங்கேதான் முக்கியம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று வரையறுப்பது நான்கை மட்டுமே: தேசியப் பூங்கா, சரணாலயம், பாதுகாப்பு ஒதுக்கிடம், சமூக ஒதுக்கிடம். கடைசி இரண்டும் 2002 திருத்தத்தில் வந்தவை. புலிகள் காப்பகம் 2006 திருத்தத்தில் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டது. அந்த வரையறைப் பட்டியலில் அது இல்லை. அதன்படி பார்த்தால் நீலகிரியில் என் கணக்கு 321 கூட்டல் 78.46, அதாவது 399.46 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் இது 15.6 விழுக்காடு. வெளிமண்டலத்தையும் சேர்த்தால் 767.05, கிட்டத்தட்ட 30 விழுக்காடு. இரண்டில் எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொன்னால் இரண்டுமே நியாயமான எண்கள்தான். 46 மட்டும் எந்த வரையறைக்கும் பொருந்தாது.

வெளிமண்டலம் என்றாலே சரணாலயத்துக்கு வெளியே என்று ஒரு பொது விதி வைத்துவிடவும் முடியாது. சத்தியமங்கலத்தில் சரணாலயத்தின் பரப்பு 1,411 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். புலிகள் காப்பகம் 1,408.40, அதில் உள்மண்டலம் 793.49 மட்டுமே. அங்கே வெளிமண்டலமும் சரணாலய நிலம்தான், எனவே அது பாதுகாக்கப்பட்ட பகுதியாகவே எண்ணப்பட வேண்டும். முதுமலையில் கழிக்க வேண்டியதைச் சத்தியமங்கலத்தில் கழித்தால் அங்கே 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போகும். பெயர் ஒன்றாக இருப்பதால் கணக்கும் ஒன்றாக இருக்காது. அறிவிக்கையின் எல்லையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆனைமலையில் வேறொரு நிலைமை. அங்கே தேசியப் பூங்கா 117.10, சரணாலயம் 841.49 என்று எழுதப்படுகிறது. இரண்டையும் கூட்டினால் உள்மண்டலத்தின் 958.59 சரியாக வருகிறது. அதாவது பூங்காவைக் கழித்த பிறகு எஞ்சியதையே அங்கே சரணாலயப் பரப்பாகத் தருகிறார்கள். முதுமலைக்கும் இதே முறையில் 217.76 என்று தரும் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதனுடன் 103.23ஐச் சேர்த்தால் 320.99 வரும். ஒரே சரணாலயத்துக்கு ஓரிடத்தில் 321, இன்னோரிடத்தில் 217.76. இரண்டுமே தவறில்லை, ஆனால் எது எந்த முறையில் தரப்பட்டது என்ற ஒரு வரி எந்த அட்டவணையின் கீழும் இல்லை. படிப்பவர் கூட்டலாமா கூடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தைப் பையன் சேர்க்காமல் விட்டது நல்லகாலம். 1986இல் அறிவிக்கப்பட்ட அதன் 5,520 சதுர கிலோமீட்டர் மூன்று மாநிலங்களில் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 2,537.6. அதையும் கூட்டியிருந்தால் மாவட்டத்தைவிடப் பெரிய காடு மாவட்டத்துக்குள் வந்திருக்கும். ஊரும் தோட்டமும் அடங்கிய அந்த எல்லை வன உயிரினச் சட்டத்தின்கீழ் வந்ததும் அல்ல.

மாநில அளவில் கூட்டும்போது கடலையும் பிரித்துக்காட்ட வேண்டும். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் தீவுகளின் தரைப்பரப்பு ஆறு சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். பூங்கா என்று சொல்லப்படும் 560இல் மீதியெல்லாம் கடல். 2022இல் அறிவிக்கப்பட்ட பாக் விரிகுடா கடற்பசுப் பாதுகாப்பு ஒதுக்கிடத்தின் 448.34 சதுர கிலோமீட்டரும் கடல்தான். இவற்றை மாநிலத்தின் நிலப்பரப்பால் வகுத்து விழுக்காடு சொல்வது பொருந்தாது.

எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். முதலில் நீலகிரி மாவட்டத்துக்கு மட்டுமாவது ஓர் அட்டவணை வெளியிடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அறிவிக்கையின் எண், நாள், எந்தப் பிரிவின்கீழ், அது தொடக்க அறிவிக்கையா இறுதி அறிவிக்கையா என்பவை இருக்கட்டும். பரப்பு தரும் இடத்தில் இரண்டு பத்திகள் வேண்டும்: அறிவிக்கையில் உள்ள முழுப் பரப்பு ஒன்று, வேறு பகுதியோடு மேற்படியும் நிலத்தைக் கழித்த நிகரப் பரப்பு இன்னொன்று. நிகரப் பத்தியை மட்டுமே கூட்டலாம் என்று கீழே ஒரு குறிப்பு எழுதினால் பள்ளிப் பையனும் பிழை செய்ய மாட்டான். வெளிமண்டலத்துக்குத் தனி வரி கொடுங்கள்.

எல்லைக் கோப்புகள் துறையிடம் கணினி வரைபடமாக இருக்குமானால், எல்லா எல்லைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேற்படியும் இடத்தை ஒரே பரப்பாக இணைத்து, பிறகு மாவட்ட எல்லையால் வெட்டினாலே இந்த நிகர எண் கிடைத்துவிடும். மாவட்ட எல்லையால் வெட்டும் படி அவசியம். ஆனைமலை போல ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் இருக்கும் காப்பகத்தை ஒவ்வொரு மாவட்டமும் முழுசாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது அப்போதுதான் நிற்கும். வரைபடத்தில் அளந்த பரப்பும் அறிவிக்கையில் எழுதிய பரப்பும் சிறிது வேறுபடலாம். பழைய அறிவிக்கைகள் ஓடை, மலைமுகடு, சாலை ஆகியவற்றைச் சொல்லி எல்லை காட்டியவை. வேறுபட்டால் இரண்டையும் அப்படியே காட்டுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றைத் திருத்த வேண்டாம்.

பையனின் நோட்டில் 46ஐ அடித்து 15.6 என்று எழுதி, பக்கத்தில் "வெளிமண்டலம் நீங்கலாக" என்று குறித்துக் கொடுத்திருக்கிறேன். ஆதாரம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான். தங்கள் அலுவலகத்தின் அட்டவணை வந்தால் அதை அங்கே எழுதச் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: கூடலூர்
இணைப்பு: மேற்கண்ட கூட்டலும் கழித்தலும் அடங்கிய தாள் ஒன்று