ஏழு நாள் கெடுவில் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

வணக்கம்.

கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் எங்கள் திரட்டல் முடிந்ததும் சிலரது கார்டில் பணம் எடுக்க முடியாமல் போனது. அதைச் சரிசெய்யத் தந்த ஏழு நாள் கெடு நேற்று நள்ளிரவோடு முடிந்தது. தவறிப்போன பணத்தில் பெரும்பகுதி வந்து சேர்ந்துவிட்டது. பார்வையற்றோர் புள்ளி குத்தி எழுதும் பிரெய்ல் எழுதுபலகைக்கான வார்ப்பு அச்சு செய்ய இன்று காலையே முன்பணம் அனுப்பிவிட்டோம். என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், நன்றியை மட்டும் சொல்கிறோம்.

முதல் நன்றி, பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் அன்பருக்கு. தளம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த தொகையைத் தந்து, பதிலுக்குப் பலகைகூட வேண்டாம் என்றவர் அவர். திட்டம் நின்றுபோயிருந்தாலும் அவருக்கு இழப்பு என்று எதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்தான் கெடு தொடங்கிய அன்றே கருத்துப் பகுதியில் எல்லோருக்குமாக ஒரு குறிப்பு எழுதினார்: "உங்க கார்டுல பணம் போயிருக்கான்னு ஒரு தடவை பாருங்க. தளத்துல இருந்து வந்த மெயில் ஸ்பேம்ல கிடக்கலாம்."

அதோடு விடவில்லை. கிக்ஸ்டார்ட்டரில் நீங்கள் ஒப்புக்கொள்ளும் அன்று பணம் எடுக்கமாட்டார்கள். இலக்கு எட்டப்பட்டு, திரட்டல் முடிந்த பிறகுதான் எல்லாக் கார்டுகளிலும் எடுப்பார்கள். இடைப்பட்ட வாரங்களில் சிலரது கார்டு காலாவதியாகியிருக்கும், சிலருக்குப் புது எண் வந்திருக்கும். வங்கி ஓடிபி கேட்டிருக்கும், அந்த நேரத்தில் நீங்கள் திரைமுன் இருந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எந்தக் காரணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் பிரித்து எழுதினார். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, அதன் பிறகே தளத்தில் கார்டை மறுபடி உள்ளிடுங்கள், வரிசை மாறினால் மீண்டும் தவறும் என்று அவர் எழுதிய ஒரு வரி பலருக்கு உதவியிருக்கிறது. கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதிலும் சொன்னார்.

அந்தக் குறிப்பின் மதிப்பைக் கணக்கில் காட்டுகிறோம். எங்கள் இலக்கை 100 பங்கு என்று வையுங்கள். முடிவில் 104 வந்ததாகத் திரை காட்டியது. அதில் 7 தவறியது, கையில் நின்றது 97. தளத்தின் கட்டணம் 5 சதவீதம், பணம் கடத்தும் செலவு சுமார் 3 சதவீதம். இரண்டும் போக மிச்சம் 89. ஆள் குறைந்தால் பலகையும் குறைவாகச் செய்தால் போதுமே என்று தோன்றும். பிளாஸ்டிக்கும் தபாலும் குறையும், அச்சின் விலை குறையாது. நூறு பலகைக்கும் பத்தாயிரம் பலகைக்கும் அதே அச்சுதான். எங்களுக்கு அச்சுக்கு மட்டும் 60 பங்கு போகிறது. 97 பங்கு தந்தவர்களுக்குப் பலகை செய்து அனுப்ப இன்னும் 31. ஆக 91 வேண்டும், இருந்ததோ 89. தவறியதில் 5 பங்கு திரும்பி வந்ததும் மொத்தம் 102 ஆனது. கட்டணம் போக 94 நிற்கிறது, செலவு 93-க்குள் முடிகிறது. அவ்வளவு மெல்லிய இடைவெளி.

சிறு தொகையாகத் தந்த உங்கள் எல்லோருக்கும் சேர்த்து அடுத்த நன்றி. பாதித் தொகையை ஒரே ஆள் தந்து அந்த ஒரு கார்டு தவறியிருந்தால் திட்டம் அன்றே நின்றிருக்கும். பலர் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்ததால்தான் தவறியதும் கொஞ்சமாகவே இருந்தது. மாதிரிப் பலகையைத் தொட்டுப் பார்த்துப் புள்ளிகளின் ஆழத்தைத் திருத்தச் சொன்ன ஆசிரியர்கள், உறையின் எடையைக் குறைத்துக் கொடுத்தவர்கள், செய்தியைப் பரப்பியவர்கள் எல்லோரும் இதில் உண்டு.

பணம் தந்ததற்கு நிறுவனத்தில் பங்கு கிடைக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. பலகையை எதிர்பார்த்துத் தருவது வேறு, உரிமைக்காக முதலீடு செய்வது வேறு. 2012-இல் ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற மெய்நிகர்க் கண்ணாடிக்கு இதே தளத்தில் சுமார் 24 லட்சம் டாலர் திரண்டது. 2014-இல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பணம் தந்தவர்களுக்கு அதில் பங்கு இல்லை, ஏனென்றால் அவர்கள் வாங்கியது பங்கு இல்லை. பலர் மனம் வெதும்பினார்கள், அந்த வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. பங்கு விற்பதற்குத் தனிச் சட்டம் உண்டு. அமெரிக்காவில் 2016-இல் நடைமுறைக்கு வந்த கூட்டுநிதி விதிகளின்படி பதிவுபெற்ற இணையவாசல் அல்லது தரகர் வழியாக மட்டுமே அப்படித் திரட்டலாம், வாங்கிய பங்கைப் பொதுவாக ஓராண்டுக்கு விற்கவும் முடியாது. ஒரே ஒரு பலகைக்கு அந்த வழி பொருந்தாது என்றே நினைக்கிறோம். அதற்குப் பதிலாகப் பலகையின் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி வெளியிடுகிறோம்.

இன்னொரு உறுதியும் தருகிறோம். அடுத்த திரட்டலில் கட்டணத்துக்கான 8 சதவீதத்தோடு, தவறும் கார்டுகளுக்காக 3 சதவீதமும் சேர்த்தே இலக்கு வைப்போம். தேவை 92 என்றால் இலக்கு சுமார் 103. மாதாமாதம் எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம் என்ற கணக்கும் உங்களுக்கு வரும்.

முகவரிப் படிவம் இந்த வாரம் மெயிலில் வரும். வீடு மாறியவர்கள் அதிலேயே திருத்திவிடுங்கள். வரவில்லை என்றால் ஸ்பேமையும் ஒரு தடவை பாருங்கள்.

நன்றியுடன்,
பலகைக் குழுவினர்