கடலடிச் சேறும் பனியுகக் கணக்கும்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பனியுகங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருந்தது. ஆனால் ஓரிடத்தில் தடுக்கியது. பூமியின் பாதை நீள்வட்டமாகும்போது அது சூரியனை விட்டு விலகிப்போய்க் குளிர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. பாதை எவ்வளவு நீண்டாலும், ஆண்டு முழுவதும் சேர்த்துப் பூமிக்குக் கிடைக்கும் வெயில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல் மாறுவதில்லை. சொல்லப்போனால், நீளும்போது ஒரு துளி கூடத்தான் செய்கிறது.

மாறுவது வெயிலின் பங்கீடுதான். எந்தப் பருவத்தில், எந்த அட்சரேகையில் எவ்வளவு விழுகிறது என்பதே கேள்வி. செர்பிய அறிஞர் மிலன்கோவிச் பிடித்துக்கொண்டது இதைத்தான். வட அரைக்கோளத்தின் மேல்பகுதியில் கோடை மந்தமாக இருந்தால், குளிர்காலத்தில் விழுந்த பனி முழுவதும் உருகாமல் தங்கிவிடும். அடுத்த ஆண்டு அதன் மேல் இன்னொரு அடுக்கு. அச்சின் சாய்வு 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே சுமார் 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை போய்வருகிறது. சாய்வு குறையும்போது துருவப் பக்கத்துக் கோடை தணிகிறது. இன்னொரு பக்கம், வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவது போல அச்சும் மெல்லச் சுழல்கிறது. அதனால் பூமி சூரியனுக்கு மிக அருகே வரும் மாதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இப்போது அது ஜனவரியில் நடக்கிறது. இதன் சுற்று சுமார் 23,000, 19,000 என்று இரண்டு காலங்களாகப் பிரிந்து தெரியும். பாதையின் நீட்சி இந்தத் தலையாட்டத்தின் விளைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. பாதை சரியான வட்டமாக இருந்தால், எந்த மாதம் அருகே வந்தாலும் ஒன்றுதான்.

சரி, இதெல்லாம் வானியல் கணக்கு. அது உண்மையில் நடந்தது என்பதற்குச் சாட்சி கடலடிச் சேற்றில் இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அதுதான் குறை. சில ஆண்டுகள் ஒரு ஆய்வகத்தில் அந்தச் சேற்றை அலசும் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

கடலடியில் குழாயை இறக்கி எடுத்துவரும் சேற்றுத் தண்டை நீளவாக்கில் பிளந்து, சில சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு எடுப்பார்கள். அதைச் சல்லடையில் கழுவினால் மணல் போன்ற ஒன்று மிஞ்சும். நுண்ணோக்கியில் பார்த்தால் மணல் இல்லை, குட்டிக் குட்டிச் சுண்ணாம்பு ஓடுகள். ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் விட்டுப்போனவை. கறுப்புத் தட்டில் பரப்பி, நனைத்த மெல்லிய தூரிகை நுனியால் ஒரே இனத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். தும்மல் வந்தால் அன்றைய வேலை போச்சு.

அந்த ஓட்டில் இருக்கும் ஆக்சிஜன்தான் சாட்சி. கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன்-16 முந்திக்கொண்டு போகிறது. அது பனியாக விழுந்து நிலத்தில் உறைந்து கிடந்தால், கடலில் கனமான ஆக்சிஜன்-18-இன் பங்கு கூடுகிறது. அந்த நீரில் வளரும் ஓட்டிலும் அது பதிகிறது. குளிர்ந்த நீரில் வளரும் ஓட்டிலும் 18 கூடும் என்பதால், முதலில் இதை வெப்பமானி என்றுதான் நினைத்தார்கள். 1967-இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன், கடலின் மேற்பரப்பில் மிதந்த இனத்தையும் அடியில் வாழ்ந்த இனத்தையும் ஒப்பிட்டார். இரண்டிலும் மாற்றம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆழ்கடல் நீர் ஏற்கெனவே உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது இன்னும் எவ்வளவுதான் குளிர முடியும்? ஆக, அந்த ஓடுகள் பெரும்பாலும் அளந்தது நிலத்தில் கிடந்த பனியின் அளவை.

அப்புறம் காலக்கணக்கு. எங்கும் சறுக்குவது இதில்தான். சேற்றில் ஆண்டு எழுதியிருக்காது. வானியல் கணக்கைப் பார்த்து ஆக்சிஜன்-18 அளவின் மேடு பள்ளங்களை இழுத்துப் பொருத்திவிட்டு, பார், பொருந்துகிறது என்றால் அது ஏமாற்று வேலை. 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் இதில் கவனமாக இருந்தார்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எடுத்த இரண்டு தண்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஆயிரம் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் சேறு படிந்திருந்தது. இது முக்கியம். கடலடிப் புழுக்கள் மேலே உள்ள பல சென்டிமீட்டர் சேற்றைக் கிளறிக் கலந்துவிடும். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்தான் படிகிறது என்றால், பத்து சென்டிமீட்டர் கலப்பில் பத்தாயிரம் ஆண்டுகள் குழம்பிவிடும். 23,000 ஆண்டு அலை மங்கிப்போகும். மூன்று சென்டிமீட்டர் படிந்தால் அந்த அலைக்கு 70 சென்டிமீட்டர் சேறு கிடைக்கிறது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு எடுத்தாலும் ஏழு புள்ளிகள்.

வேறு வழிகளில் காலம் தெரிந்த ஒரு சில இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே சேறு ஒரே சீராகப் படிந்தது என்று முதலில் கணக்கிட்டார்கள். வானியலோடு பொருத்தவில்லை. அப்போதே சுமார் 42,000, 23,000, 19,000 ஆண்டு அலைகள் எழுந்து நின்றன. காலக்கணக்கு கொஞ்சம் நீண்டோ சுருங்கியோ இருந்தால்கூட எல்லா அலைகளும் சேர்ந்தே நீளும், சுருங்கும். அவற்றின் விகிதம் மாறாது. அந்த விகிதமும் ஒத்துப்போனது. இதைச் செய்துவிட்டுத்தான் நுணுக்கமாகப் பொருத்தும் வேலைக்குப் போனார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பொருத்தும்போது ஒரு மேட்டை முன்னே பின்னே நகர்த்தலாம், அதன் உயரத்தை மாற்ற முடியாது. தலையாட்டத்தின் அலை, பாதை நீண்டிருந்த காலத்தில் பெரிதாகவும் வட்டமாக இருந்த காலத்தில் சிறிதாகவும் வர வேண்டும். தவறாகப் பொருத்தினால் பெரிய மேடு சிறிய மேட்டுக்கு நேரே போய் நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குப் பலன் 1990-இல் கிடைத்தது. பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழானது 7,30,000 ஆண்டுகளுக்கு முன் என்று எரிமலைப் பாறைகளின் பொட்டாசியம்-ஆர்கான் அளவீடு சொல்லி வந்தது. ஷாக்கிள்டன் குழுவினர் கிழக்குப் பசிபிக் தண்டு ஒன்றின் அலைகளை எண்ணிப் பொருத்திவிட்டு, இல்லை, அது 7,80,000 என்றார்கள். வித்தியாசம் ஒரு முழுச் சாய்வுச் சுற்றைவிட அதிகம். சேற்றை வைத்துப் பாறையைத் திருத்துவதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பழைய முறையில் பாறையிலிருந்து கசிந்த ஆர்கான் வயதைக் குறைத்துக் காட்டும். மேம்பட்ட ஆர்கான்-ஆர்கான் முறையில் எரிமலைக் குழம்புப் பாறைகளை மறுபடி அளந்தபோது, 7,80,000-ஐ ஒட்டியே வந்தது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு லட்சம் ஆண்டுச் சுற்றைப் பற்றி எழுதுவதானால், அதைப் பாதையின் நீட்சி நேராக உண்டாக்குகிறது என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். சுமார் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை பனி 41,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் வந்து போனது. அதன் பிறகு படிப்படியாகச் சுமார் ஒரு லட்சம் ஆண்டுச் சுற்றாக மாறியது. அந்த மாற்றத்தின்போது பூமியின் பாதை எப்போதும் போலத்தான் நீண்டு சுருங்கிக்கொண்டிருந்தது. பனிப்பாறைக்குள்ளோ கரியமில வாயுவிலோ ஏதோ மாறியிருக்க வேண்டும். அது என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்