முதல் அழைப்பிலேயே கேட்டுவிடு

வேளச்சேரி, சென்னை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதியடைந்தேன். சோழிங்கநல்லூர் நிறுவனத்தின் ஹெச்.ஆர். திங்கட்கிழமை அழைப்பதாகவும், சம்பள வரம்பை அப்போதே கேட்டால் பணத்தாசை பிடித்தவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். தயங்காமல் கேள் என்பதே என் பதில். சென்ற ஆண்டு அதைக் கேட்காமல் விட்டதால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் நான்கு சுற்றுகள் நடந்தன. இரண்டாம் சுற்றுக்கு வீட்டில் செய்து அனுப்பும் வேலை ஒன்று கொடுத்தார்கள். ஒரு சனியும் ஞாயிறும் அதிலேயே போயின. நேர்முகத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். கடைசிச் சுற்றில்தான் ஊதியத்தைப் பற்றிப் பேச்செடுத்து, 18 லட்சம் சி.டி.சி. என்றார்கள். அப்போது நான் வாங்கிக்கொண்டிருந்தது 16.5 லட்சம் என்பதால் மனம் குளிர்ந்தது. ஆஃபர் கடிதத்தின் இணைப்பைப் பார்த்த பிறகுதான் கணக்கு புரிந்தது.

அந்தப் பதினெட்டில் 3.6 லட்சம் வேரியபிள். அது மாதாமாதம் வருவதன்று, ஆண்டு மதிப்பீட்டைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும். அடிப்படை ஊதியம் 9 லட்சம். அதில் 12 சதவீதமான 1,08,000 ரூபாய் நிறுவனத்தின் பி.எஃப். பங்காகவும், 4.81 சதவீதமான 43,290 ரூபாய் கிராஜுவிட்டியாகவும் சி.டி.சி.க்குள்ளேயே சேர்க்கப்பட்டிருந்தன. இவற்றையெல்லாம் கழித்துப் பன்னிரண்டால் வகுத்து, என் பங்கு பி.எஃப். 9,000 ரூபாயையும் எடுத்துவிட்டால், வரிக்கு முன் மாதம் ஏறத்தாழ 98,400 ரூபாய்தான் கைக்கு வரும். பழைய வேலையில் வேரியபிள் பத்து சதவீதம் மட்டுமே என்பதால், அதே கணக்கில் எனக்கு 1,04,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. ஒன்றரை லட்சம் கூடுதல் என்று சொல்லப்பட்ட வேலை, மாதம் ஐயாயிரத்துக்கும் மேல் குறைவாகத் தருவதாக இருந்தது.

ஆகவே வரம்பை மட்டும் கேட்டால் போதாது. அதில் நிலையான பகுதி எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய நேரம், பணி இன்னதென்று ஹெச்.ஆர். விளக்கி முடித்து, முதல் சுற்றுக்குத் தேதி குறிக்கும் முன்பு. நான் இப்போது ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறேன்: “வேலையின் விவரம் எனக்குப் பொருந்துகிறது. தேதி குறிக்கும் முன், இந்தப் பதவிக்கு ஒதுக்கியுள்ள ஊதிய வரம்பை, நிலையான பகுதி, வேரியபிள் என்று பிரித்துச் சொன்னால், இருவர் நேரமும் வீணாகாது.” இதில் மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். ஆள் எடுக்க அனுமதி வாங்கும்போதே பெரும்பாலும் அந்தப் பதவிக்குத் தொகை ஒதுக்கப்பட்டுவிடுவதால், நாம் கேட்பது அவர் மேசையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணைத்தான்.

பெரும்பாலும் உடனே எண் வராது, “உங்கள் எதிர்பார்ப்பு என்ன?” என்று திருப்பிக் கேட்பார். “வரம்பு தெரிந்தால் சரியாகச் சொல்ல முடியும்” என்று ஒருமுறை சொல். அதற்கும் இசையாவிட்டால் உன் அடித்தளத்தை நிலையான பகுதியில் சொல்லி, “இதற்குக் கீழே என்றால் இப்போதே தெரிவித்துவிடுங்கள்” என்று கேள். இப்போதைய சம்பளத்தின் மீது இத்தனை சதவீதம்தான் உயர்த்துவோம் என்றால், அங்கே உன் எண்ணைக் கட்டுப்படுத்துவது பதவியின் மதிப்பன்று, உன் பழைய சம்பளம். நீண்ட காலம் குறைவாக வாங்கியிருக்கும் உனக்கு அது நட்டம். “சந்தை நிலவரப்படி கொடுப்போம், நேர்காணல் முடியட்டும்” என்பதைப் பதிலாகவே நான் கொள்வதில்லை. அப்படியானால் அரைமணி நேரத் தொலைபேசிச் சுற்றுக்கு மட்டும் ஒப்புக்கொள். எண் வரும்வரை விடுப்பு எடுக்காதே, வீட்டில் செய்து அனுப்பச் சொல்லும் வேலையையும் செய்து கொடுக்காதே.

அழைப்பவர் கன்சல்டன்சியைச் சேர்ந்தவரானால் அவருக்கே வரம்பு தெரியாமல் இருக்கலாம். நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லும்படி விட்டுவிடு. யார் சொன்னாலும், பேசியதை அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பி உறுதிப்படுத்திக்கொள். அழைப்பில் பேசியவரே கடைசிச் சுற்றில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

வரம்பு 15 முதல் 20 என்றால் இருபதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. மேல்முனையைப் பெரும்பாலும் கூடுதல் அனுபவம் உள்ளவருக்கே வைத்திருப்பார்கள். நடுப்பகுதி கிடைத்தாலும் உனக்குப் போதுமா என்று பார்த்துப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்.

உன் இப்போதைய சம்பளச் சீட்டை எடுத்து, மேலே நான் போட்ட கணக்கை அதில் ஒருமுறை போட்டு, உன் அடித்தள எண்ணை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுது. திங்கட்கிழமை அழைப்புக்கு முன் இருவருமாக ஒருமுறை பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் தோழி